தகரப் பெட்டிக்கு ஒரு பதிவேடு: வீட்டுச் சேகரிப்புக்கு எண், படம், ரசீது

ஈப்போ – தாத்தாவின் கருமக்கிரியை முடிந்த மறுநாள் காலையில், புந்தோங் வீட்டுக் கூடத்தில் மாமா அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டைக் காலி செய்தபோது லாரியில் ஏறி வந்த பெட்டி. தாத்தா இருந்தவரை அதன் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும்.

உள்ளே ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு, பால்வெட்டும் கத்தி, பால் மங்கு இரண்டு, மைலோ டின் நிறையப் பழைய நாணயங்கள், ஜப்பான் காலத்து வாழைமர நோட்டுகள், துணியில் சுற்றிய கொஞ்சம் நகை, நிழற்படங்கள், ரப்பர் பட்டையால் கட்டிய காகிதக் கட்டு. மாமா விளக்குகளை எடுத்து ஓரமாக வைத்தார். “இது வீட்டுக்கு மூத்த ஆம்பளப் புள்ளைக்கு,” என்றார். பெரியம்மா உடனே, “அப்பா எனக்குத்தான் தரேன்னு சொல்லியிருந்தாரு,” என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி நிதானமாகச் சொன்னார்: “அதுல ஒன்னுதான் நம்மளோடது. இன்னொன்னு அடுத்த லயத்து வீட்டுக்காரங்களோடது. தோட்டத்த விட்டுப் போகும்போது எங்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க.” எது நம்முடையது என்று கேட்டால் பாட்டிக்கே தெரியவில்லை.

அன்றைக்கு எதுவும் பிரிக்கப்படவில்லை. அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நானும் அம்மாவும் பாட்டியும் உட்கார்ந்து, பெட்டியிலிருந்த 31 பொருள்களுக்கும் ஒரு பதிவேடு எழுதினோம். இப்படி ஒரு பெட்டியோ கண்ணாடி அலமாரியோ உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்களுக்கு எது கைகொடுத்தது, எங்கே தவறினோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எண்ணில் தொடங்குங்கள்

முதல் ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தோம். ‘நகை’, ‘நாணயம்’, ‘விளக்கு’ என்று வகை பிரித்து, ந-1, நா-1, வி-1 என்று எண் கொடுத்தேன். மதியத்துக்குள் குழம்பிவிட்டது. சங்கிலியில் கோத்த பழைய தங்கக் காசு நகையா, நாணயமா? அலமாரி மாறினால் எண்ணும் மாறுமா? கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு 1 முதல் 31 வரை வரிசையாக எண் போட்டோம். கையில் வந்தது எதுவோ அதற்கு அடுத்த எண். எண்ணுக்குள் எந்தப் பொருளும் ஒளிந்திருக்கக் கூடாது. வகை, இருக்கும் இடம், சொந்தக்காரர் எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் போகட்டும். அவை மாறலாம், எண் மாறாது. இடத்தை மட்டும் பென்சிலில் எழுதுவது நல்லது, அதுதான் அடிக்கடி மாறும்.

ஒரு பொருள் விற்கப்பட்டாலும், கொடுக்கப்பட்டாலும், தொலைந்தாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குத் தராதீர்கள். அந்த வரியிலேயே ‘வெளியேறியது’ என்றும் தேதியும் எழுதிவிட்டால் போதும். ஜோடியாக, செட்டாக உள்ளவற்றுக்கு ஒரே எண்ணோடு அ, ஆ சேர்க்கலாம். ஆனால் எங்கள் குத்துவிளக்குகளுக்கு அப்படிச் செய்யவில்லை. இரண்டும் இரண்டு வீட்டுப் பொருள் என்று பாட்டி சொன்னதால் 3, 4 என்று தனி எண் கொடுத்தோம்.

எண்ணைப் பொருளோடு இணைப்பதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. பித்தளை விளக்குக்குப் பருத்தி நூலில் கட்டிய அட்டைச் சீட்டு போதும். நிழற்படத்தின் பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை சில ஆண்டுகளில் முன்பக்கம் ஊறிவிடும். நோட்டின் மேல் எழுதவும் கூடாது, ஒட்டவும் கூடாது. செலோ டேப் காய்ந்து உரிந்தாலும் அதன் பசை மஞ்சள் கறையாகத் தாளிலேயே தங்கிவிடும். தாத்தா கிழிந்த வாழைமர நோட்டு ஒன்றை டேப்பால் ஒட்டி வைத்திருந்தார். அதை அப்படியே விட்டுவிட்டோம், பிரிக்க முயன்றால் மேலும் கிழியும். நாணயத்துக்கு, நடுவில் மெல்லிய சாளரம் வைத்த சிறிய அட்டை உறைகள் நாணயம் விற்கும் கடைகளில் கிடைக்கும். உறையின் மேல் முதலில் எண்ணை எழுதி, பிறகு நாணயத்தை உள்ளே வையுங்கள். மிருதுவான பிவிசி பிளாஸ்டிக் பை வேண்டாம். நம் ஊர் வெக்கையில் அது நாளடைவில் பிசுபிசுத்துச் செம்பு நாணயத்தில் பச்சை படியச் செய்யும்.

இன்னொன்று. பதிவு செய்வதற்கு முன் ‘பளபளப்பாக்கி விடலாம்’ என்று பித்தளைப் பாலிஷை நாணயத்தில் போடாதீர்கள். துலக்கிய நாணயத்துக்குச் சேகரிப்பாளர்கள் குறைவாகத்தான் தருவார்கள். இழந்த மேற்பரப்பு திரும்ப வராது. விளக்கைத் துலக்கலாம், அது துலக்குவதற்காகவே செய்தது.

படம்: அழகுக்கு அல்ல, அடையாளத்துக்கு

திருடுபோன கலைப்பொருள்கள் போலீஸ் கையில் கிடைத்த பிறகும், படமோ விவரமோ இல்லாததால் உரியவரிடம் திரும்பிப் போகாமல் தேங்குவது உலகம் முழுவதும் உள்ள சிக்கல். இதற்காகவே அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை 1993-இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. அருங்காட்சியகங்கள், போலீஸ், சுங்கத்துறை, காப்புறுதித் துறை ஆகியோரைக் கலந்து, ஒரு பொருளை அடையாளம் காட்டக் குறைந்தபட்சம் என்ன எழுத வேண்டும் என்று தொகுத்தார்கள். 1997-இல் வெளியான அந்த முறைக்கு ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்று பெயர். இப்போது அது அனைத்துலக அருங்காட்சியகப் பேரவையின் பொறுப்பில் இருக்கிறது. அதில் கேட்கும் கேள்விகள் மிக எளியவை: இது என்ன பொருள், எதனால் செய்தது, அளவு என்ன, எழுத்தோ முத்திரையோ உண்டா, இதற்கு மட்டுமே உள்ள தனி அடையாளம் என்ன, எந்தக் காலத்தது, செய்தவர் யார். இந்தக் கேள்விகளைத்தான் எங்கள் நோட்டுப் புத்தகத்தின் கட்டங்களாக வைத்துக்கொண்டோம்.

இதில் மிக முக்கியமானது ‘தனி அடையாளம்’. கடையில் ஒரே அச்சில் வார்த்த நூறு விளக்குகள் இருக்கலாம். ஆனால் அடித்தட்டில் நசுங்கல், தண்டில் ஈயப் பற்றவைப்பு, ஒரு முகத்தில் கீறல் உள்ள விளக்கு ஒன்றுதான். எனவே நீங்கள் மறைக்க நினைக்கும் குறையைத்தான் பெரிதாகப் படம் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று அல்லது நான்கு படம் போதும்: முழு உருவம், பின்பக்கம் அல்லது அடிப்பக்கம், முத்திரையோ எழுத்தோ உள்ள இடம், தனி அடையாளம். ஜன்னலோரம், காலை வெளிச்சத்தில், வெள்ளைத் துணி மேல் வைத்து எடுத்தோம். கைப்பேசியின் பிளாஷை அணைத்துவிடுங்கள், பித்தளையிலும் தங்கத்திலும் அது வெள்ளைப் பொட்டாக விழுந்து விவரத்தை அழித்துவிடும். பக்கத்தில் பள்ளிக்கூட அடிக்கோல் ஒன்றும், எண் எழுதிய சீட்டும் படத்துக்குள் தெரிய வேண்டும். நாணயத்தின் எழுத்து தெரியாவிட்டால் விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்த எழுத்து நிழலில் எழும்பித் தெரியும்.

படக் கோப்பின் பெயரும் பொருளின் எண்ணாகவே இருக்கட்டும். பன்னிரண்டாம் பொருளின் முதல் படம் 012-1.jpg, இரண்டாவது 012-2.jpg. கைப்பேசி தானாகக் கொடுக்கும் நீண்ட பெயரை அப்படியே விட்டால், மூன்று ஆண்டு கழித்து எது எதன் படம் என்று யாராலும் சொல்ல முடியாது. படங்களைப் புலனத்தில் அனுப்பினால் அவை சுருங்கி நுண்விவரம் போய்விடும். ‘ஆவணம்’ என்று இணைத்து அனுப்பினால் முழு அளவில் போகும்.

இண்டர்போல் 2021-இல் வெளியிட்ட ‘ஐடி-ஆர்ட்’ என்ற இலவசச் செயலியும் இருக்கிறது. திருடுபோன கலைப்பொருள்களைத் தேடுவதோடு, சொந்தப் பொருள்களுக்குப் படத்துடன் பட்டியல் வைத்துக்கொள்ளவும் அதில் இடம் உண்டு. நான் போட்டுப் பார்த்தேன். ஆனால் பாட்டியால் படிக்க முடிவது நோட்டுப் புத்தகத்தைத்தான். அதனால் நோட்டிலேயே நின்றுவிட்டோம்.

ஒரு சதுரக் காசு

மைலோ டின்னிலிருந்த நாணயங்களில் ஒன்றைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகாமல் தப்பித்த கொள்ளுத்தாத்தா, அந்த வருடம் முழுக்க மடியில் முடிந்து வைத்திருந்த கடைசிக் காசு அது என்பார்கள். நாங்கள் எழுதிய பதிவு இது:

எண்: 12
பொருள்: ஒரு காசு நாணயம், சதுர வடிவம், முனை மழுங்கியது
உலோகம்: வெண்கலம்
அளவு: பக்கம் சுமார் 20 மி.மீ.
எழுத்தும் உருவமும்: முன்பக்கம் முடிசூடிய ஆறாம் ஜார்ஜ் மன்னர், பின்பக்கம் மலாயா, 1943
தனி அடையாளம்: மன்னரின் கழுத்துக்குக் கீழே குறுக்கே ஒரு வெட்டு
எப்படி வந்தது: தாத்தாவின் பெட்டி, விலைக்கு வாங்கியதல்ல
சொன்ன கதை: ஜப்பான் காலத்தில் கொள்ளுத்தாத்தா வைத்திருந்தது (சொன்னவர்: பாட்டி)
குறிப்பு: ஆண்டோடு கதை ஒத்துப்போகவில்லை
படங்கள்: 012-1 முதல் 012-3 வரை

கடைசிக் குறிப்புக்குக் காரணம் இதுதான். 1943-இல் மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. அந்த ஆண்டு ஜார்ஜ் மன்னரின் தலையோடு அடித்த காசு, 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பிய பிறகுதான் இங்கே புழங்கியிருக்க முடியும். ஆகவே இந்தக் காசு அந்த மடியில் இருந்திருக்க வழியில்லை. கதை பொய் என்று சொல்லவில்லை. கதையில் வரும் காசு வேறொன்றாக இருக்கலாம். டின்னில் ஆண்டு தேய்ந்த இன்னொரு சதுரக் காசும் இருக்கிறது.

பாட்டியிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். அவர் சிரித்துவிட்டு, “காசு மாறியிருக்கும், ஆளு மாறல,” என்றார். அதையும் குறிப்பில் சேர்த்துக்கொண்டேன். கதையை ஒரு கட்டத்தில், கண்ணால் பார்ப்பதை வேறு கட்டத்தில் என்று பிரித்து எழுதினால் இரண்டுமே பிழைக்கும். கலந்து எழுதினால், பிற்காலத்தில் ஒருவர் ஆண்டைப் பார்த்துக் கதை முழுவதையும் தூக்கி எறிந்துவிடுவார்.

வாழைமர நோட்டுகளுக்கும் ஒரு வார்த்தை. பத்து வெள்ளி நோட்டில் வாழை இருப்பதால் வந்த பெயர். மலாயாவில் புழங்கியவற்றில் வரிசை எழுத்து ‘எம்’ என்று தொடங்கும். தொடக்கத்தில் வந்தவற்றில் எழுத்தோடு தொடர் எண்ணும் உண்டு. பின்னால் கணக்கின்றி அச்சடித்தபோது எழுத்துகள் மட்டுமே இருந்தன. இந்த இரண்டாம் வகைதான் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது, அதற்குப் பெரிய விலை கிடையாது. தொடர் எண் உள்ள நோட்டு உங்களிடம் இருந்தால் அந்த எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். எண் ஒன்றே அந்த நோட்டைத் தனியாக அடையாளம் காட்டிவிடும். போலிகளும் உலவுவதால் விலையைக் கட்டத்தில் எழுதும் முன் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

ரசீது இருந்தால், இல்லாவிட்டால்

நகைக்கடையிலும் மின்சாதனக் கடையிலும் இப்போது தரும் வழவழப்பான ரசீது வெப்பத்தால் அச்சாகும் தாள். அலமாரிக்குள் இருந்தாலும் ஓரிரு ஆண்டுகளில் வெளுத்துவிடும். பெரியம்மா மூன்று ஆண்டுக்கு முன் வாங்கிய வளையலின் ரசீதை எடுத்துக்காட்டினார். கடையின் பெயர் மட்டும் மங்கலாக இருந்தது, எடையும் விலையும் போய்விட்டன. வாங்கிய அன்றே படம் எடுத்து, சாதாரணத் தாளில் ஒரு நகலும் போட்டு, பொருளின் எண்ணை நகலின் மேல் எழுதி வையுங்கள்.

பாட்டியின் நகைகளுக்கு ரசீதே கிடையாது. பட்டுக்கோட்டையிலிருந்து கப்பலில் வந்தது, தோட்டத்தில் சீட்டுப் பணத்தில் செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. ஒரு நகைக்கடையில் எடை போட்டு, தரம் சோதித்து, கடை முத்திரையோடு எழுதி வாங்கினோம். கல் வைத்த நகையில் கல்லின் எடை தனி, தங்கத்தின் எடை தனி என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய நகை எல்லாம் 916 தரத்தில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் பெட்டியில் ஒரு ஜோடித் தோடு அதற்குக் குறைவாகத்தான் வந்தது. இதோடு, அந்த நகையை அணிந்த பழைய கல்யாணப் படம் இருந்தால் அதன் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட காலமாக அது உங்கள் வீட்டில்தான் இருந்தது என்பதற்கு அது நல்ல துணைச் சான்று.

அடகில் இருக்கும் நகையையும் பதிவேட்டில் விட்டுவிடக் கூடாது. இடம் என்ற கட்டத்தில் ‘அடகில்’ என்றும், சீட்டு எண்ணையும் கெடு தேதியையும் எழுதுங்கள். அடகுக்கடைச் சட்டப்படி மீட்க ஆறு மாதம்தான். வைத்தவர் இறந்துவிட்டால், சீட்டு எங்கே என்று தேடுவதற்குள் கெடு ஓடிவிடும்.

காப்புறுதி எதைப் பார்க்கிறது

பெரியம்மா வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் திருட்டு நடந்தது. ‘வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கே’ என்று நம்பியிருந்தார்கள். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அது வீட்டுக் கடனோடு வங்கி எடுக்கச் சொன்ன தீக் காப்புறுதி. கட்டடத்துக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் பொருள்களுக்கு ‘ஹவுஸ்ஹோல்டர்’ என்ற வேறு காப்புறுதி எடுக்க வேண்டும். முதலில் உங்களிடம் இருப்பது எது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஹவுஸ்ஹோல்டர் எடுத்திருந்தாலும், நம் நாட்டில் வழக்கமான பத்திரத்தில் சில வரம்புகள் இருக்கின்றன. ஒரு கணக்கோடு சொன்னால் எளிது. வீட்டுப் பொருள்களுக்கு மொத்தம் 60,000 ரிங்கிட் என்று காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தனியாகக் குறிப்பிட்டு எழுதாத எந்த ஒரு பொருளும் மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் மதிப்புள்ளதாகக் கருதப்படாது. அதாவது 3,000 ரிங்கிட். மேசை நாற்காலி, தொலைக்காட்சி போன்றவற்றுக்கு இந்த வரம்பு இல்லை, தாலிக்கொடிக்கு உண்டு. தங்கம், வெள்ளி, நகை எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது 20,000 ரிங்கிட்டுக்கு மேல் போகக் கூடாது. 8,000 ரிங்கிட் பெறும் கொடி போனால், அதைத் தனியே பட்டியலிட்டிருந்தால்தான் முழு மதிப்பையும் கேட்க முடியும். பதிவேட்டின் முதல் பயன் இங்கேதான். வரம்பைத் தாண்டும் பொருள்களை மட்டும் தனித்தாளில் எண், விவரம், எடை, மதிப்போடு எழுதி முகவரிடம் கொடுத்து, அவை பத்திரத்திலேயே ஏறியதா என்று பார்த்து வாங்குங்கள். முகவர் வாயால் ‘கவர் ஆகும்’ என்று சொல்வது பத்திரம் ஆகாது.

மொத்தத் தொகையைக் குறைத்துச் சொல்லிச் சந்தாவை மிச்சப்படுத்துவதும் திருப்பி அடிக்கும். வீட்டில் 90,000 ரிங்கிட் பெறும் பொருள் இருக்க, 60,000-க்கு மட்டும் எடுத்திருந்தால் மூன்றில் இரண்டு பங்குதான் காப்பில் இருக்கிறது. 9,000 ரிங்கிட் இழப்புக்கு 6,000 மட்டும் கிடைக்கலாம். தங்கம் விலை ஏறிக்கொண்டே போவதால், வாங்கிய விலை ஒரு கட்டம், இப்போதைய மதிப்பு தேதியோடு இன்னொரு கட்டம் என்று வைத்து, சந்தா புதுப்பிக்கும் மாதத்தில் இரண்டாவதை மட்டும் திருத்தினால் போதும்.

திருட்டு என்றால் கதவையோ ஜன்னலையோ உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் கேட்பார்கள். நாணயம், பதக்கம், பணநோட்டு, ஆவணங்கள் ஆகியவை தனியே குறிப்பிடாத வரை பொதுவாகக் காப்பில் சேர்வதில்லை. எங்கள் 31 பொருள்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில் வெளியே போய்விட்டன. காப்புறுதி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய தாளில் கடைசியில் நின்றது நகைகள் ஐந்து மட்டும்.

பழங்காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள்

மீதியெல்லாம் வாரிசுகளுக்கானது. ரப்பர் பட்டை போட்ட கட்டைப் பிரித்தபோது, பழைய வங்கிப் புத்தகம் ஒன்றும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குக் காகிதமும் இருந்தன. தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்த காலத்தில், அவர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம் அது. அவரும் சுங்கை சிப்புட்காரர் என்பதால் பேராக் தோட்டங்களில் பங்கு வாங்காத குடும்பம் குறைவு. மாமா அதை நினைவுப் பொருள் பக்கம் வைத்தார். அது நினைவுப் பொருள் அல்ல. சங்கம் இன்றும் இயங்குகிறது, பங்குக்கும் உரிமை உண்டு. உறுப்பினர் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, இறப்புச் சான்றிதழ் நகலோடு சங்க அலுவலகத்தில் கேட்க வேண்டியதுதான்.

வங்கிப் புத்தகமும் அப்படியே. ஏழு ஆண்டு யாரும் தொடாத கணக்கின் பணம் கோரப்படாத பணப் பதிவதிகாரியிடம் போய்விடும். eGUMIS தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடலாம். பழைய கணக்குகள் பழைய அடையாள அட்டை எண்ணில் இருக்கக்கூடும். ஆகவே பதிவேட்டின் முதல் பக்கத்தில் தாத்தாவின் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதினோம். இந்த வகைக் காகிதங்களுக்கு எங்கள் நோட்டில் சிவப்பு மையில் ‘உயிருள்ளது’ என்று ஒரு குறி.

பணம் பெறாத காகிதம், படம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போடாமல் ஒரே இடத்தில் வைத்திருங்கள் என்பது என் கருத்து. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் 1992-இல் மறைந்தபோது விட்டுச்சென்ற நூல்களும் இதழ்களும் நோட்டீசுகளும் சிதறாமல் இருந்ததால்தான், பின்னர் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்க, சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவாக முடிந்தது. நம்முடையது ஒரு பெட்டிதான். ஆனால் பிரித்த பெட்டியிலிருந்து தனியே விழும் சம்பளச் சீட்டு எந்தத் தோட்டத்தது என்றுகூடச் சொல்லாது.

யாருடையது, யாருக்கு

இந்த இரண்டும் வெவ்வேறு கட்டங்கள். ‘யாருடையது’ என்பதில் ஐந்து நகையில் மூன்றுக்குப் பாட்டியின் பெயரே வந்தது, அவருக்குப் பிறந்த வீட்டில் போட்டவை. தாத்தாவின் பெட்டிக்குள் இருந்தாலும் அவை தாத்தாவின் சொத்து ஆகாது, பங்குக்கும் வராது. இதை எழுதிய பிறகுதான் கூடத்தில் குரல்கள் தணிந்தன.

உயில் இல்லாமல் போன முஸ்லிம் அல்லாதவரின் சொத்து, 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி பிரியும். பெற்றோர் இல்லாமல், மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு சமமாக. ஆண், பெண் வேறுபாடு அதில் இல்லை. ‘மூத்த ஆம்பளப் புள்ளைக்கு’ என்பது நம் வீட்டுப் பேச்சு, சட்டத்தில் கிடையாது. தாத்தா ‘தரேன்’ என்று பெரியம்மாவிடம் சொன்னதும் கையில் கொடுக்காத வரை சொல்லாகத்தான் நிற்கும்.

பதிவேட்டில் ‘இது இன்னாருக்கு’ என்று எழுதுவதும் உயில் அல்ல. அது விருப்பக் குறிப்புதான். பிள்ளைகள் மதித்தால் நடக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் உயிலிலேயே பொருளின் எண்ணையும் விவரத்தையும் எழுத வேண்டும்: ‘2-ஆம் தேதியிட்ட பதிவேட்டில் 27-ஆம் எண், காசுச் சங்கிலி, இத்தனை கிராம்’ என்பது போல. பிறகு பதிவேட்டைத் திருத்தினால் உயில் தானாகத் திருந்தாது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். சாட்சி போட்டவருக்கோ அவர் கணவர், மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாமல் போகும். பக்கத்தில் இருக்கிறார்களே என்று மகளையும் மருமகனையும் சாட்சியாக்கி விடாதீர்கள். உயில் வரைவை வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எங்கள் பதிவேடு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. மூல நோட்டு அம்மாவிடம், நகல் தெலுக் இந்தானில் பெரியம்மா வீட்டில், படங்கள் என் கூகள் டிரைவில். பெட்டிக்குள் மட்டும் வைக்கவில்லை. பெட்டி போனால் அதுவும் சேர்ந்து போகும். மதிப்பு எழுதிய பக்கத்தைக் குடும்பப் புலனக் குழுவில் போடவும் இல்லை. அந்தக் குழுவில் 46 பேர், அதில் சிலரை எனக்கே யாரென்று தெரியாது.

விளக்கு விஷயம் படத்தில்தான் முடிந்தது. அடிப்பக்கத்தைப் படம் எடுக்கும்போது, நான்காம் எண் விளக்கின் அடித்தட்டில் ஆணியால் கீறிய இரண்டு தமிழ் எழுத்துகள் தெரிந்தன. எங்கள் வீட்டில் யாருடைய பெயரும் அப்படித் தொடங்காது. பாட்டியிடம் காட்டியபோது, “அவங்க வீட்டுக்காரரு பேரு,” என்றார். விசாரித்ததில் அந்த வீட்டு மகள் இப்போது கம்பாரில் இருப்பது தெரிந்தது. பாட்டியும் மாமாவுமே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நோட்டில் 4-ஆம் எண்ணுக்கு நேராக ‘வெளியேறியது’ என்று தேதியோடு மாமாதான் எழுதினார். பக்கத்தில் அந்த அக்காவின் கையெழுத்து இருக்கிறது. 3-ஆம் எண்ணுக்கு நேராக ‘யாருக்கு’ என்ற கட்டம் இன்னும் காலி. அதைப் பாட்டி நிரப்பட்டும் என்று விட்டிருக்கிறோம்.